பேட்டரி ஸ்கிரீன்ஷாட்டில் முதலிடத்தில் இருக்கும் செயலிதான் குற்றவாளியா?

‘சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது, எந்த ஆப்பைத் தூக்கணும்?’ என்று கேட்டு பேட்டரிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மேல்பாதியை வெட்டிவிடுகிறார்கள். செயலிகளின் பெயரும் சதவீதமும் மட்டும் வந்து சேரும். வெட்டிய பகுதியில்தான் முக்கியமான விவரம் இருக்கிறது: எத்தனை மணி நேரக் கணக்கு, அந்த நேரத்தில் பேட்டரி எவ்வளவு இறங்கியது. இவை இல்லாமல் ‘வீடியோ செயலி 52%’ என்பதற்குப் பொருளே கிடையாது.

ஒரே போனின் இரண்டு நாள் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரிந்துவிடும். 5000 எம்ஏஎச் பேட்டரி கொண்ட ஆண்ட்ராய்டு போன், தர்மபுரி டவுனில் வீட்டு வைஃபையில் இருக்கும் ஒரு போன் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அது பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்புகிறது. திங்கட்கிழமை முழுக்க வீட்டில்.

ஞாயிறு இரவு 100-லிருந்து 22-க்கு இறங்கியிருக்கிறது. செலவு 78 சதவீதம், அதாவது 3900 எம்ஏஎச். பட்டியலில் வீடியோ செயலி 28%, திரை நேரம் இரண்டரை மணி. போட்டோ பேக்கப் செயலி 16%, திரையில் வெறும் 4 நிமிடம், பின்னணியில் 2 மணி 50 நிமிடம். ‘Mobile network’ 14%. கேமரா 12%, முக்கால் மணி நேரம். மீதியை மேப், மெசேஜ் முதலிய செயலிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

திங்கள் இரவு செலவு 40 சதவீதம்தான், 2000 எம்ஏஎச். ஆனால் வீடியோ செயலி 52% என்று சிவப்புக்கொடி காட்டுகிறது. அன்றும் பார்த்தது அதே இரண்டரை மணி நேரம்தான்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஞாயிறு: 3900-ல் 28% என்றால் ஏறக்குறைய 1090 எம்ஏஎச். திங்கள்: 2000-ல் 52% என்றால் 1040. செயலி தின்றது கிட்டத்தட்ட அதே அளவு. மொத்தச் செலவு பாதியானதால் அதன் பங்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. மணிக்கு 400 சொச்சம் எம்ஏஎச் என்பது திரை எரிந்து படம் ஓடும் வேலைக்கு நியாயமான கணக்கு. இந்த 52%-ஐப் பார்த்துவிட்டு வீடியோ செயலியை அழித்தால், படம் பார்ப்பதை நிறுத்திய மிச்சம்தான் கிடைக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

எல்லாப் போனும் ஒரே மாதிரி எண்ணைக் காட்டுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள எல்லாச் சதவீதங்களையும் கூட்டுங்கள். 100-ஐ ஒட்டி வந்தால் அவை செலவானதில் பங்கு, மேலே சொன்னபடி பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை பேட்டரி இறங்கிய அளவை ஒட்டி வந்தால் அவை முழுப் பேட்டரியில் பங்கு. அப்போது நேராக 5000-ஆல் பெருக்கினால் போதும். சில போன்களில் திரையின் செலவு தனி வரியாக நிற்கும், சிலவற்றில் அதையும் செயலியின் தலையில் ஏற்றிவிடுவார்கள். அதனால் இரண்டு கம்பெனி போன்களின் ஸ்கிரீன்ஷாட்டை ஒப்பிடுவது வீண். ஒரே போனை அதனுடனேயே ஒப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் உண்மையில் உறுத்த வேண்டியது போட்டோ பேக்கப்தான். 3900-ல் 16% என்றால் 620 எம்ஏஎச்சுக்கு மேல். திரையில் இருந்ததோ நாலே நிமிடம். திரை நேரம் கொஞ்சமாகவும் பின்னணி நேரம் மணிக்கணக்காகவும் இருந்தால், அந்த வரியில்தான் விரலை வைக்க வேண்டும். அருவியில் எடுத்த படங்களை அது மொபைல் டேட்டாவில் ஏற்றப் பார்த்திருக்கிறது. சிக்னல் அறுந்துபோக, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்து, நாள் முழுக்க இதே வேலை. திங்களன்று மீதிப் படங்களை வைஃபையில் ஏற்றியபோது அதே செயலிக்கு 3% போதுமானதாக இருந்தது, அதாவது 60 எம்ஏஎச்.

பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? படத்தைப் பதிவிறக்கும்போது உரக்கப் பேசுவது டவர், போன் பெரும்பாலும் கேட்கத்தான் செய்கிறது. பதிவேற்றும்போது போனே டவர் வரை எட்டும்படி கத்த வேண்டும். டவர் தூரமாக, நடுவில் காடும் மலையுமாக இருந்தால் போனுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் முழு வலிமையில் ஓடும். 4ஜி போன்கள் வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட் வரை அலையாக அனுப்புகின்றன, அதை உண்டாக்க பேட்டரியிலிருந்து அதைப் போலப் பல மடங்கு இழுக்கின்றன. வேகமும் குறைவதால் அந்த இழுப்பு நெடுநேரம் நீடிக்கிறது. பென்னாகரம் தாண்டிய மலைப்பாதையிலும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காட்டுச் சாலைகளிலும் போன் பையிலேயே கிடந்து சூடாவதற்கு இதுதான் காரணம். ‘Mobile network’ வரி பெரிதாவதும் இதனால்தான்.

சிக்னலைக் கோடுகளை வைத்து மதிப்பிடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயலரில் `*#*#4636#*#*` அழுத்தினால், அல்லது ‘About phone’ பகுதியில் ‘SIM status’ பார்த்தால், dBm கணக்கில் எண் தெரியும். -85 நல்ல சிக்னல், -115 மிக மோசம். 3 குறைந்தாலே, அதாவது -85 என்பது -88 ஆனாலே, வந்து சேரும் சிக்னல் பாதியாகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மெசேஜ், ஷாப்பிங் செயலிகள் தின்பது வேறு வகை. அவை அனுப்பும் தகவல் துளிதான். ஆனால் ஒரு துளி போனாலும் மொபைல் ரேடியோ உடனே தூங்காது, இன்னும் ஏதாவது வருமா என்று பத்து விநாடி அளவுக்கு விழித்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் செயலி ஒன்று இருந்தால் ரேடியோவுக்கு ஓய்வு ஏது?

செய்ய வேண்டியது அதிகமில்லை. பேக்கப் செயலியில் மொபைல் டேட்டாவில் ஏற்றுவதை அணைத்து, வைஃபைக்கு மட்டும் விடுங்கள். தேவையில்லாமல் எட்டிப்பார்க்கும் செயலிக்கு Settings > Apps போய், அதன் ‘Battery’ பகுதியில் ‘Restricted’ வையுங்கள். மெசேஜ் செயலிக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள், செய்தி தாமதமாக வரும், சில நேரம் திறந்தால்தான் வரும். மலைப்பகுதியில் 5ஜி வந்து வந்து போகிற இடமென்றால் நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றி வைப்பது நல்லது. சிக்னலே இல்லாத நீண்ட வழிக்கு ஏரோபிளேன் மோடு சிறந்தது, ஆனால் வீட்டிலிருந்து யாரும் அழைக்க முடியாது என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த எண்கள் எல்லாமே மதிப்பீடுதான். பெரும்பாலான போன்களில் ஒவ்வொரு செயலிக்கும் தனி மீட்டர் கிடையாது. திரை இவ்வளவு, ரேடியோ இவ்வளவு என்று தயாரிப்பாளர் எழுதிவைத்த ஒரு பட்டியலை வைத்து போன் கணக்குப் போடுகிறது. 2%, 3% வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய போனுக்கு இன்னொரு திருத்தம் வேண்டும். இரண்டு ஆண்டு ஓடிய 5000 பேட்டரி 4200 அளவுக்குத்தான் பிடிக்கிறது என்றால், அதே 1040 எம்ஏஎச் புதிதில் 21 சதவீதப் புள்ளி இறக்கியது, இப்போது 25 இறக்கும். செயலி மாறவில்லை, பேட்டரிதான் தேய்ந்திருக்கிறது. 30-லிருந்து ஒரே தாவாக 10-க்கு விழுந்தாலோ, பின்மூடி லேசாக உப்பியிருந்தாலோ ஸ்கிரீன்ஷாட்டில் தேடி ஒன்றும் கிடைக்காது. பேட்டரியை மாற்ற வேண்டும். உப்பியதென்றால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.