மகள் கல்யாணத்துக்கு: பிஎஃப்பா, சீட்டா, அஞ்சலக ஆர்.டி.யா?

மூன்றையும் பார்த்துவிட்டு நாங்கள் போட்டது அஞ்சலக ஆர்.டி. வட்டி அதிகம் என்பதற்காக அல்ல. 6.7 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு. பிஎஃப் கொடுப்பது 8.25. காரணம் வேறு.

கல்யாணத்துக்கென்று பிஎஃப்பில் எடுக்கும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் திருப்பிக் கட்டலாம் என்று நாமே நினைத்தாலும் மொத்தமாகக் கட்ட வழியில்லை. மொய்ப் பணம் வந்தாலும் அதைக் கொண்டுபோய் அங்கே போட முடியாது. சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். 51 வயதில் 5 லட்சம் எடுக்கிறோம் என்று வையுங்கள். அதே வட்டி நீடித்தால், 58 வயதில் அது ஏறத்தாழ 8.7 லட்சமாக இருந்திருக்கும். கல்யாணச் செலவில் இந்த 3.7 லட்சத்தை யாரும் எழுதுவதில்லை.

சீட்டில் அவசரத்துக்கு முன்கூட்டியே எடுக்கலாம் என்பது பெரிய வசதி. 5 லட்சம் சீட்டை ஒரு லட்சம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 4 லட்சம். எடுக்கும்போது ஜாமீன்தாரர் கேட்பார்கள், மீதித் தவணைகளையும் கட்டி முடிக்க வேண்டும். பதிவு செய்யாத சீட்டு பக்கமே போகாதீர்கள். பதிவு பெற்ற சீட்டில் கடைசிவரை இருந்து எடுத்தவர்கள் நல்ல லாபம் என்கிறார்கள். நான் ஒரு சின்னச் சீட்டோடு நிறுத்திக்கொண்டவன், அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆர்.டி.யில் மாதம் 10,000 கட்டினால் 5 வருடத்தில் 6 லட்சம் போட்டு சுமார் 7.13 லட்சம் வரும். வரன் அதற்கு முன்பே அமைந்துவிட்டால்தான் சிக்கல். 3 வருடம் முடிந்த பிறகு கணக்கை மூடலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டிதான், அதாவது 4 சதவீதம். அதனால் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கணக்கை மூட வேண்டாம். 12 தவணை தவறாமல் கட்டியிருந்தால், கட்டியதில் பாதிவரை அதன்மேலேயே கடன் தருவார்கள். ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல், அதாவது 8.7. மொய் வந்ததும் அடைத்துவிடலாம். பிஎஃப்பில் இல்லாத வசதி இதுதான்.

இன்னொன்று, 10,000-த்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். நாங்கள் 6,000, 4,000 என்று இரண்டாகப் பிரித்தோம். மூடியே ஆக வேண்டும் என்றால் சின்னதை மட்டும் மூடலாம், பெரியதற்கு முழு வட்டியும் கிடைக்கும். கல்யாணம் தள்ளிப்போனால் 5 வருடம் முடிந்ததும் அதே கணக்கை இன்னும் 5 வருடம்வரை நீட்டிக்கலாம்.