புறப்படுமுன் காதுக்கு ஒரு தாள்: கப்பல் தளத்துக்கும் கட்டுமானத்துக்கும் போகிறவர்களுக்கு எந்தச் சோதனை உதவும்?

யாங்கூனிலிருந்தும் தன்லினிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் நம் தமிழ்ப் பிள்ளைகள் மலேசியாவின் கட்டுமானத் தளங்களுக்கும் ஜொகூர், சிங்கப்பூர் கப்பல் தளங்களுக்கும் போகிறார்கள். பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே என்று ஒரு கட்டுத் தாள் சேர்கிறது. அந்தக் கட்டில் காதைப் பற்றி உருப்படியாக ஒரு தாளும் இருப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துக் காது மந்தமாகி, அது இந்த வேலையால்தான் வந்தது என்று சொல்ல வேண்டிய நிலை வரும்போது, வேலைக்குப் போகுமுன் காது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றைப் பெற இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரத்தவை அல்ல.

முதல் வழி, ஏஜென்சி அனுப்பும் மருத்துவ நிலையத்தின் பொதுச் சான்றிதழ். அதில் கண், பல், இரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் கீழே காதுக்கு ஒரு கட்டம் இருக்கும். மருத்துவர் இரண்டடி தள்ளி நின்று கிசுகிசுப்பார், பையன் திருப்பிச் சொல்வான், "இயல்பு" என்று எழுதிவிடுவார்கள். வேலை அனுமதிக்கான பரிசோதனைகள் முதலில் தேடுவது தொற்றுநோய்களை. சிங்கப்பூரில் காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மலேரியா ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். காது அங்கே முக்கியமில்லை. இரைச்சல் முதலில் கெடுப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கீச்சொலிப் பகுதியை. அந்தப் பகுதி பாதி போனவனும் அமைதியான அறையில் கிசுகிசுப்பை எளிதாகப் பிடித்துவிடுவான். ஆகவே இந்தச் சான்றிதழ் கெடாத காதுக்கும் கெடத் தொடங்கிய காதுக்கும் ஒரே சொல்லையே எழுதும். ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஓர் எண்கூட இல்லை.

இரண்டாவது கைப்பேசி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட hearWHO செயலி இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லி, கேட்டதை அழுத்தச் சொல்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய அது நல்ல கருவி. ஆனால் முடிவில் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண். வலக்காது எத்தனை, இடக்காது எத்தனை, எந்த அதிர்வெண்ணில் குறைவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை. அதிர்வெண் வாரியாகச் சோதிக்கும் வேறு செயலிகளும் உண்டு. ஆனால் நம் சந்தையில் வாங்கும் ஹெட்போன் எத்தனை டெசிபெல் விடுகிறது என்று அந்தச் செயலிக்குத் தெரியாது. சான்றாக இதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் முதலாளி எடுக்கும் சோதனை. இதைப் பலர் பெரிதும் நம்புகிறார்கள். நம்பக் காரணமும் இருக்கிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்லை எல்லையாக வைத்திருக்கின்றன; அதைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை செவிச் சோதனை நடத்த வேண்டும். சிங்கப்பூரிலும் இரைச்சல் வேலைக்காரருக்கு ஆண்டுச் சோதனை உண்டு. 85க்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் தாங்கும் நேரம் பாதியாகிறது: 88இல் நான்கு மணி, 94இல் ஒரு மணி, 100இல் பதினைந்து நிமிடம். இரும்புத் தகட்டில் கிரைண்டர் ஓட்டுபவன் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் காலைத் தேநீருக்கு முன்பே தாண்டிவிடுவான்.

இந்தச் சோதனையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தாள் நிறுவனத்தின் கோப்பில் கிடக்கும். உள்குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பையன் அடுத்த ஆண்டு வேறு குத்தகைக்காரரிடம் போனால், பெரும்பாலும் அங்கே புதிதாக ஓர் "ஆரம்ப" சோதனை எடுக்கப்படும். ஒவ்வோர் ஆரம்பமும் ஏற்கெனவே கெட்ட காதிலிருந்தே தொடங்கும்.

நான்காவது, புறப்படுமுன் நாமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஒலிபுகா அறையில் எடுக்கும் ஆடியோகிராம்; ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் காது பிடிக்கும் மிக மெல்லிய ஒலி எத்தனை டெசிபெல் என்று எழுதிய தாள் அது. இதையே நான் உறுதியாகச் சொல்வேன். காரணம் புரிய, ஒரு பையனின் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் கிரைண்டர் காது இந்த வழியில்தான் கெடும். தன்லின் பையன், ஜொகூரில் கப்பல் தளம், வலக்காது. எண்கள் டெசிபெல்லில்; எண் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைகிறது என்று பொருள்.

| ஹெர்ட்ஸ் | புறப்படுமுன் | வேலைக்குப் போன 8ஆம் மாதம் | 3 ஆண்டுக்குப் பின் |
|---|---|---|---|
| 500 | 15 | 15 | 15 |
| 1000 | 10 | 10 | 15 |
| 2000 | 10 | 10 | 15 |
| 3000 | 15 | 25 | 30 |
| 4000 | 20 | 35 | 45 |
| 6000 | 20 | 30 | 40 |
| 8000 | 15 | 15 | 20 |

கடைசி நிரலைப் பாருங்கள். கேட்கும் திறன் 4000இல் பள்ளமாக விழுந்து, 8000இல் மறுபடி மேலேறுகிறது. இரைச்சல் விட்டுச்செல்லும் தடம் இது. வயதால் வரும் மந்தம் இப்படி மேலேறாது, 8000 நோக்கிச் சரிந்துகொண்டே போகும்.

இப்போது கணக்கு. மலேசிய நடைமுறையும் அமெரிக்க விதியும் 2000, 3000, 4000 ஆகிய மூன்றின் சராசரியை எடுக்கின்றன. ஆரம்பச் சோதனையோடு ஒப்பிட்டு 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் நகர்ந்திருந்தால் அது பதிவு செய்து கவனிக்க வேண்டிய மாற்றம். புறப்படுமுன் சராசரி 15. மூன்று ஆண்டுக்குப் பின் 30. நகர்ந்தது 15; எல்லை தாண்டிவிட்டது. பையனிடம் தன் தாள் இல்லாமல், எட்டாம் மாதத்தில் நிறுவனம் எடுத்ததே ஆரம்பமாக நின்றால், அந்தச் சராசரி 23.3. அதிலிருந்து 30 வரை நகர்ந்தது 6.7 மட்டுமே. தாளில் ஒன்றுமே நடக்கவில்லை. அதே காது, அதே இழப்பு. இந்த மாற்றம் தானாகவே இழப்பீடு ஆகிவிடாது, அதற்குத் தனி அளவுகோல்கள் உண்டு. ஆனால் நல்ல காதடைப்பான் கேட்கவும், வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்கவும், பின்னால் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிடம் தொழில்நோய் என்று விண்ணப்பிக்கவும் இதுவே முதல் பிடி. 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் பெர்கேசோவின் வேலைக்காயக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது.

சரி, மருத்துவரிடம் போனால் போதுமா? போதாது. அங்கேயும் தாள் வீணாகும் வழிகள் உண்டு.

மருத்துவமனைகளில் வழக்கமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று இரட்டிப்பாகத்தான் சோதிப்பார்கள். 3000மும் 6000மும் விடுபட்டுப் போகும். 3000 இல்லாத தாளில் மேலே போட்ட சராசரியைப் போடவே முடியாது. "இரைச்சல் வேலைக்குப் போகிறேன், 3000, 6000 இரண்டையும் சேர்த்து எடுங்கள்" என்று தொடங்குமுன் சொல்ல வேண்டும். சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்தது, சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். சத்தத்தில் இருந்த காது தற்காலிகமாக மந்தமாகும், பிறகு தெளியும். மின்சாரம் போய்க் கடைத்தெரு முழுதும் ஜெனரேட்டர் உறுமும் ஊரில், ஜெனரேட்டர் பக்கத்தில் படுத்துறங்கிவிட்டுக் காலையில் சோதனைக்குப் போவது தனக்கே எதிரான சாட்சியைத் தயாரிப்பது. இன்சின் ரயில் பட்டறையிலோ அரிசி ஆலையிலோ வேலை செய்பவர்கள் விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையில் போவது நல்லது.

ஜெனரேட்டர் மருத்துவமனையின் வாசலிலும் ஓடலாம். அதைத் தாளே காட்டிக் கொடுக்கும்: இரண்டு காதிலும் 500இல் மட்டும் 30ஐ ஒட்டி எண் ஏறி, 1000, 2000 நன்றாக இருந்தால், அறைக்குள் உறுமல் புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். குரும்பியும் நடுச்செவி நீரும் இதேபோலக் காட்டக்கூடும். அதனால் முதலில் காதைப் பார்த்துக் குரும்பியை எடுக்கச் சொல்லுங்கள். சிறுவயதில் காதில் சீழ் வந்தவர்கள், காதுக்குப் பின்னெலும்பில் கருவியை வைத்து எடுக்கும் சோதனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய சீழ்க்கோளாறு எவ்வளவு, உள்காது இழப்பு எவ்வளவு என்று அதுதான் பிரித்துக் காட்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போனால் மருந்து எடுத்து மறுபடி சோதிக்க நேரமும் இருக்கும்.

இங்கே பையன்கள் என்னிடம் கேட்பது வேறு: "அண்ணே, காதில் குறை தெரிந்தால் ஏஜென்ட் தள்ளிவிடுவானே?" பயம் நியாயமானது. இது நாமே பணம் கொடுத்து எடுக்கும் தாள், ஏஜென்சியிடம் தானாகப் போகாது. யாரிடம் எப்போது காட்டுவது என்று நாம் முடிவு செய்யலாம். ஆனால் வேலை விண்ணப்பத்தில் காதைப் பற்றி நேராகக் கேட்டால் பொய் எழுதக் கூடாது. ஏற்கெனவே 4000இல் 40 இருப்பவன் கிரைண்டர் வேலையை விட்டு வேறு பிரிவு தேடுவதே அவன் குடும்பத்துக்கு நல்லது என்பதையும் சொல்லியாக வேண்டும். போன காது திரும்பாது.

பெயர்தான் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரு பர்மியப் பெயர். மருத்துவமனையில் பழக்கத்தில் தமிழ்ப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாள் ஜொகூரில் யாருடையது என்று நிரூபிக்க முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே பெயரும், பாஸ்போர்ட் எண்ணும், பிறந்த தேதியும் இருக்க வேண்டும். தேதிகளைப் பர்மிய எண்களில் எழுதாமல் வெளிநாட்டில் படிக்கும்படி எழுதச் சொல்லுங்கள். கோட்டுப்படம் மட்டும் போதாது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் எண், எத்தனை மணி நேரம் அமைதியில் இருந்தார் என்ற குறிப்பு, கருவியின் பெயர், அது கடைசியாக அளவு சரிபார்க்கப்பட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, எல்லாம் அதே பக்கத்தில் வர வேண்டும்.

மூலத்தை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நகலையும் கைப்பேசிப் படத்தையும் எடுத்துப் போங்கள். வேலையில் சேர்ந்ததும் நகல் ஒன்றை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுச் சோதனை நடக்கும் நாளில் அந்த எண்களையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குத்தகைக்காரர் மாறினாலும் தாள்களின் வரிசை அறாது.