கொம்பிறசர் ராங்க்: 300 லீற்றர் வாங்குறதா, சுவிச்சைத் திருகுறதா, ஹோசை மாத்துறதா?

கோண்டாவில் பக்கம் எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் சின்னதா பெயின்ற் கராச் வச்சிருக்கிறான், 3 குதிரைவலு ஒற்றை பேஸ் கொம்பிறசர், அதோட வந்த 100 லீற்றர் ராங்க். பொனற் ஒண்டுக்கு ஸ்பிறே அடிக்கேக்க பாதி வழியில காத்து இறங்கி பெயின்ற் துளி துளியா விழுதாம். கேட்ட ஆக்கள் எல்லாரும் "300 லீற்றர் ராங்க் போடு"ன்னு ஒரே பதில். ராங்க் பெரிசாக்கினா சரிவருமா, இல்லை காசு குறைஞ்ச வேற வழி இருக்கா எண்டதைக் கணக்குப் போட்டே பாப்பம்.

முதல்ல இரண்டு இலக்கம் வேணும். கொம்பிறசர் உண்மையா எவ்வளவு காத்துக் குடுக்குது, கன் எவ்வளவு இழுக்குது. தகட்டில எழுதியிருக்கிறது அநேகமா பிஸ்டன் தள்ளுற அளவு, வெளிய வாறது அதைவிட நல்லாக் குறைவு, அதால அதை நம்பாமல் நாங்களே அளக்கலாம். வெளி வால்வைப் பூட்டிப்போட்டு 6 பார்ல இருந்து 8 பார் ஏற எவ்வளவு நேரம் எண்டு போன்ல பாருங்கோ. இவன்ர மெசினுக்கு 55 செக்கன். 100 லீற்றர் ராங்கில 2 பார் ஏத்துறதெண்டா கிட்டத்தட்ட 200 லீற்றர் வெளிக்காத்து, அப்ப நிமிசத்துக்கு 220 லீற்றர் அளவு. பிறகு மோட்டரை நிப்பாட்டி, ராங்க் கொஞ்சம் ஆறி முள்ளு அசையாமல் நிண்டாப்பிறகு, கன்னை வழமையா அடிக்கிற மாதிரி முழுசா அமத்தி 8ல இருந்து 6க்கு இறங்குற நேரத்தைப் பாத்தம், 34 செக்கன். அது நிமிசத்துக்கு 350 லீற்றர். ஆக நிமிசத்துக்கு 130 லீற்றர் துண்டு விழுது, அதை ராங்க்தான் ஈடு குடுக்கவேணும். பொனற் ஒரு கோட் அடிக்க விடாமல் 2 நிமிசம் எண்டு வைப்பம்.

```
V = t × (Q − C) × 1.013 / (P1 − P2)
```

V ராங்க் லீற்றர்ல, t நிமிசம், Q இழுக்கிறது, C கொம்பிறசர் குடுக்கிறது, 1.013 எண்டது வெளிக்காத்தின்ர பிறசர், P1 தொடக்க பிறசர், P2 கன் ஒழுங்கா வேலை செய்ய ராங்கில இருக்கவேண்டிய ஆகக்குறைஞ்ச பிறசர். இவனுக்கு அது 5 பார், அதுக்குக் கீழ போனா ரெகுலேற்றரில முள்ளு ஆடத் தொடங்குது.

கனபேர் பிழைக்கிற இடம் P1தான். பிறசர் சுவிச் மோட்டரை 8ல நிப்பாட்டுது, அப்ப 8ல இருந்து 5, 3 பார் கையில இருக்கெண்டு போட்டா 88 லீற்றர் எண்டு வரும், "அட 100 போதுமே"ன்னு தோணும், அப்ப ஏன் பெயின்ற் துளியா விழுது? ஏனெண்டா நீங்கள் கன்னை அமத்துற நேரம் ராங்க் 8ல நிக்கும் எண்டு ஆர் சொன்னது? மோட்டர் திரும்பத் தொடங்குறது 6ல, அதுக்குக் கொஞ்சம் மேல 6.1ல ராங்க் சும்மா நிக்கேக்க நீங்கள் அடிக்கத் தொடங்கினா உங்களுக்கு மிச்சம் 6ல இருந்து 5 வரை ஒரே ஒரு பார்தான். அப்ப கணக்கு 263 லீற்றர். அடிக்க முதல் மோட்டர் ஓடி நிக்கும்வரை பாத்துக்கொண்டு நிக்கிற ஆளெண்டா 100லயே சமாளிப்பார், ஆனா உதவிக்கு நிக்கிற பெடியன் பக்கத்தில ரயருக்குக் காத்தடிச்சா அதுவும் போச்சு.

இப்ப 300 லீற்றரைப் பாப்பம். 263ஐ தாண்டுது, பிரச்சினை தீர்ந்திது. மோட்டருக்கும் நல்லம், ஏனெண்டா ஒருக்கா ஓடினா கனநேரம் ஓடும், நிண்டா கனநேரம் நிக்கும். காத்துப் பாவனை கொம்பிறசர் குடுக்கிறதில பாதியா இருக்கேக்கதான் மோட்டர் ஆகக்கூட தரம் ஓடி நிக்கும், அந்த மோசமான நிலையில 100 லீற்றர் ராங்கோட மணித்தியாலத்துக்கு 16 தரம் அளவு, 300ஓட 5, 6 தரம். ஒற்றை பேஸ் மோட்டருக்கு ஒவ்வொரு ஸ்ராட்டும் கப்பாசிற்றருக்கு அடிதான். குறை எண்டா விலை, இடம், பிறகு காலமை வெறும் ராங்கை 8க்கு நிரப்ப 11 நிமிசம் நிக்கவேணும், முந்தி 4 நிமிசத்துக்குள்ள முடிஞ்ச வேலை.

இரண்டாவது வழி சுவிச்சைத் திருகுறது. தொடங்குற பிறசருக்கும் நிக்கிற பிறசருக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை மாத்துற ஸ்குரு உள்ள சுவிச்செண்டா, 6ல தொடங்கி 8ல நிக்கிற 6/8ஐ 7/8 ஆக்கலாம், காசே செலவில்லை. அப்ப 7ல இருந்து 5, இரண்டு பார், தேவை 132 லீற்றராக் குறையுது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இருக்கிற 100 அதுக்கும் காணாது, அதோட மோட்டர் மணித்தியாலத்துக்கு 33 தரம் வரைக்கும் போகும், வோல்ற்றேஜ் இறங்குற பின்னேரங்களில நினைச்சுப் பாருங்கோ. மற்றப் பக்கமாத் திருகி 8/10 ஆக்கிறன் எண்டு ஒரு ஆள் சொன்னார். ராங்க் தகட்டில 8 பார் எண்டு அடிச்சிருந்தா அந்தக் கதையே வேண்டாம், சேப்டி வால்வை இறுக்கிப்போட்டு ஓடுறது கராச்சுக்குள்ள குண்டு வைக்கிற வேலை. தகடு இடம் குடுத்தாலும் ஒற்றை ஸ்ரேஜ் ஹெட் 10 பார்ல சூடேறி, குடுக்கிற காத்தும் குறைஞ்சுபோகும்.

எனக்குப் பிடிச்சது மூண்டாவது, ஒருத்தரும் கதைக்காதது: P2ஐக் கீழ இறக்கிறது. கன்னுக்குத் தேவை 2, 2.5 பார்தான், பிறகேன் ராங்கில 5 வேணும்? மிச்சம் முழுக்க வழியில போகுது. இவன் பாவிக்கிறது 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சுருள் ஹோஸ், இரண்டு மூண்டு மலிவு கப்ளிங், கழுவாத ஃபில்ரர். கன்னின்ர அடியில ஒரு சின்னக் கேஜ் பூட்டி, அமத்தினபடி பாத்தா ரெகுலேற்றருக்கும் கன்னுக்கும் இடையில எவ்வளவு விழுதெண்டு நேரடியாத் தெரியும். அமத்தாமல் பாத்தா ஒண்டும் தெரியாது, காத்து ஓடேக்கதான் இழப்பு. 10 மில்லிமீற்றர் நேர் ஹோஸ் மாத்தி, ஒரு கப்ளிங்கைக் கழட்டி, ஃபில்ரருக்குள்ள இருக்கிறதை மாத்தினாப்பிறகு 4.5 பார்லயே கன் சரியா அடிக்குது. அரை பார்தானே எண்டு சிரிக்காதேங்கோ, 1 பார் இருந்த இடத்தில இப்ப 1.5, தேவை 263ல இருந்து 176க்கு வந்திட்டுது.

அதால இவனுக்கு நான் சொன்னது, ஹோசை மாத்து, சுவிச்சை 6/8லயே விடு, இன்னொரு 100 லீற்றர் ராங்கைப் பக்கத்தில சேர். மொத்தம் 200, தேவை 176, கொஞ்சம் மிச்சமும் இருக்கு, மோட்டரும் மணித்தியாலத்துக்கு 8 தரம் அளவிலதான் ஓடி நிக்கும். இரண்டையும் தொடுக்கிற குழாய் மெல்லிசா இருக்கக்கூடாது, மெல்லிசெண்டா இரண்டாவது ராங்க் பிந்தித்தான் காத்துக் குடுக்கும், கேஜுகள் இரண்டும் அடிக்கேக்க வேற வேற காட்டினா அதுதான் காரணம். இடையில வால்வ் வச்சா அந்த ராங்குக்கும் தனி சேப்டி வால்வ் வேணும், அடியில தண்ணி திறக்கிற கொக் கட்டாயம், எங்கட ஈரக் காத்துக்கு ஒவ்வொரு நாளும் திறக்கவேணும். பழைய காஸ் சிலிண்டரை ஒட்டி ராங்க் செய்து தாறம் எண்டு வாற ஆக்களிட்ட வாங்காதேங்கோ. செக்கன்ஹாண்ட் எண்டா தண்ணி நிரப்பி வேலைப் பிறசரைப்போல ஒண்டரை மடங்குக்கு சோதிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, காத்தால சோதிக்க விடவேண்டாம்.

ஒரு இடத்தில மட்டும் இந்த மூண்டு வழியும் உதவாது. அவன் இப்ப காத்துச் சாண்டர் ஒண்டு வாங்க நிக்கிறான், அது 400 லீற்றர் இழுக்கும், 10 நிமிசம் விடாமல் பிடிப்பான். துண்டு 180, பத்து நிமிசத்துக்கு 1800, 1.5 பாருக்கு 1200 லீற்றருக்கு மேல ராங்க் வேணும், அதுவும் பதினோராவது நிமிசம் படுத்திடும். அதுக்கு ஒண்டில் பெரிய கொம்பிறசர், ஒண்டில் கறண்ட் சாண்டர்.