சம மதிப்பெண்ணுக்கு ரேங்க் போடுவது: மூன்று முறைகளும் மார்க் ஷீட்டில் எப்படி நிற்கின்றன?

எட்டுப் பேர், 500-க்கு எடுத்தவை: 486, 479, 479, 479, 471, 468, 468, 452. இதில் 471 எடுத்தவருக்கு எத்தனையாவது ரேங்க்? எக்செல்லின் `RANK.EQ` 5 என்று சொல்லும். இது போட்டித் தரவரிசை. மூன்று பேர் 2-ஆம் இடத்தில் இருப்பதால் 3, 4 இரண்டும் யாருக்கும் கிடையாது. எண்ணை விடாமல் போடும் அடர் தரவரிசையில் அவருக்கே 3.

ப்ராக்ரஸ் கார்டுக்கு முதல் முறைதான் சரிப்படுகிறது. ரேங்க் 5 என்றால் மேலே நான்கு பேர் என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அடர் முறையில் கடைசியாக வந்த 452-க்கும் ரேங்க் 5 என்றே வரும். அடுத்த தேர்வில் சம மதிப்பெண்களே இல்லாமல் போனால், அதே கடைசி இடத்துக்கு 8 வரும். பிள்ளை சரிந்துவிட்டதாக வீட்டில் திட்டு விழும்.

பரிசளிப்பு வேறு கதை. போட்டி முறையில் மேலே உள்ள பட்டியலில் மூன்றாம் பரிசுக்கு ஆளே இல்லை. அடர் முறையில் ஆள் உண்டு, ஆனால் மூன்று பரிசுக்கு ஐந்து கோப்பை வாங்க வேண்டும். பட்ஜெட்டைப் பார்த்துவிட்டு முறையை முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

அடர் தரவரிசைக்கு எக்செல்லில் தனிச் சார்பு இல்லை. வழக்கமாகப் போடுவது இது:

```
=SUMPRODUCT((B$2:B$9>B2)/COUNTIF(B$2:B$9,B$2:B$9))+1
```

தேர்வுக்கு வராதவருக்கு AB என்று அடித்தவுடன் இது கெடும். எக்செல் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. அதனால் எல்லோருக்கும் ஒரு ரேங்க் கூடி, முதல் மாணவரே 2 ஆகிவிடுவார். பட்டியலில் 1 இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கட்டத்தைக் காலியாக விட்டாலோ `#DIV/0!` வரும். இரண்டையும் தாங்கும் வடிவம்:

```
=SUMPRODUCT(ISNUMBER(B$2:B$9)*(B$2:B$9>B2)/COUNTIF(B$2:B$9,B$2:B$9&""))+1
```

AB வரிசையிலும் காலி வரிசையிலும் மட்டும் இதை இழுக்காமல் விடுங்கள். `RANK.EQ` எழுத்தையும் காலிக் கட்டத்தையும் தானாகவே ஒதுக்கிவிடுகிறது, மற்றவர்களின் ரேங்க் கெடும் தொல்லை அதில் இல்லை.

சதவீதத்தை வைத்து ரேங்க் போடுவதில் இன்னொரு வம்பு. 95.83, 95.80 இரண்டும் ஒரு தசமத்தில் 95.8 என்றே அச்சாகும், ரேங்க் மட்டும் வேறுபடும். மொத்த மதிப்பெண்ணை வைத்தே ரேங்க் போட்டால் இந்தக் கேள்வி எழாது.

மூன்றாவது முறையான பெர்சென்டைலை ஒரு வகுப்புக்குள் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். 479-க்கு `PERCENTRANK.INC` தருவது 0.571: கீழே உள்ள 4 பேரை 7-ஆல் வகுத்தது. ஜேஇஇ மெயினில் என்டிஏ கையாளும் முறையோ சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்களை மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. அப்படிப் பார்த்தால் 7/8, அதாவது 87.5. ஒரே பிள்ளைக்கு 57.1, 87.5 என்று இரண்டு எண். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. எட்டுப் பேரில், சமமாக எடுத்த மூவரைக் கீழே சேர்ப்பதா வேண்டாமா என்பதே முடிவை மாற்றிவிடுகிறது.