ஹேர் டிரையர், டிரிம்மர், அயர்ன் பாக்ஸ்: எந்தப் படத்தைப் பார்த்து பிளக்கில் போடுவது?

வெளிநாட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஹேர் டிரையர், ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பழைய அயர்ன் பாக்ஸ், நண்பர் கொடுத்துவிட்டுப் போன டிரிம்மர். செருகுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், "இது நம்ம வீட்டு கரண்டுக்கு சரிப்படுமா?" என்று. வயரிங் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்விதான். பதில் பொருளைவிட அனுப்பிய படத்தைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. பொதுவாக மூன்று விதமான படங்கள் வரும்: பொருளின் முழுப் படம், பிளக்கின் படம், வாட் எழுதிய லேபிளின் படம். மூன்றும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல.

முழுப் படம் பார்க்க நன்றாக இருக்கும், சொல்வது கொஞ்சம்தான். அதைக் கூகுள் லென்ஸில் போட்டால் கம்பெனியும் மாடலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் ஒரே உடம்பு, ஒரே நிறம், ஒரே பெயரில் அமெரிக்காவுக்கு 120 வோல்ட்டிலும் மற்ற நாடுகளுக்கு 230 வோல்ட்டிலும் செய்து விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வெளித்தோற்றத்தை வைத்து வோல்ட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாடல் பெயரில் வரும் 2000, 3000 போன்ற எண்களையும் வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல சமயம் அது வெறும் பெயர்.

முழுப் படம் கைகொடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அயர்ன் பாக்ஸ். தண்ணீர்த் தொட்டியும் முன்னால் ஸ்பிரே மூக்கும் தெரிந்தால் ஸ்டீம் அயர்ன். 1200 வாட்டிலிருந்து 2000-க்கு மேல் வரைக்கும் போகலாம். தொட்டி இல்லாத சாதாரண டிரை அயர்ன் நம் ஊரில் பெரும்பாலும் 750 அல்லது 1000 வாட்.

இன்னொன்று டிரிம்மர். பார்பர் கடையில் பார்ப்பது போன்ற கனமான உடம்போடு, பின்னாலிருந்து கரண்ட் ஒயர் நேரே வெளியே வந்தால் அது கிளிப்பர். உள்ளே காந்தச் சுருள் அதிர்ந்து பிளேடை ஓட்டும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வாங்கிய அந்த வகை கிளிப்பர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்தது. நம் 230 வோல்ட்டில் போட்டால் கர்ரென்று சத்தமிட்டுச் சூடாகி, சுருள் கருகிவிடும். பத்துப் பதினைந்து வாட் சாமான்தானே, வயரிங்குக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் சரிதான், வயரிங்குக்கு ஒன்றும் ஆகாது, கிளிப்பர்தான் போய்விடும். ஒயரே இல்லாமல் சின்னத் துளையில் சார்ஜர் செருகும் டிரிம்மர் என்றால் பயம் குறைவு. அதன் உடம்பில் பெரும்பாலும் 5 வோல்ட் போன்ற சின்ன எண்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதன் அடாப்டரை. அதில் இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். செல்போன் சார்ஜர் இழுப்பதைவிட அது அதிகம் இழுக்காது. டிரிம்மரைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பிளக்கின் படம் முழுப் படத்தைவிட ஒரு படி மேல். பொருள் எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது என்று அது சொல்லிவிடும். இணையாக இரண்டு தட்டைக் கம்பிகள், கூடவே டெஸ்ட், ரீசெட் என்று பொத்தான் வைத்த தடிமனான பெட்டி: அமெரிக்க ஹேர் டிரையர், சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் கரண்டை வெட்டுவதற்காக அந்தப் பெட்டியை வைக்கிறார்கள். மூன்று செவ்வகக் கம்பிகள் என்றால் சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்துப் பக்கம். வோல்ட் நமக்கு ஒத்துப்போகும், கம்பி வடிவம்தான் வேறு.

ஏமாற்றுவது ஐரோப்பாவின் இரண்டு உருண்டைக் கம்பி பிளக். அந்த ஊர் சுவர் பிளக் 16 ஆம்ப் தாங்கும் என்பதால் 2200 வாட் டிரையரைக்கூட இரண்டு கம்பியோடு விற்கிறார்கள். நம் வீட்டு 6 ஆம்ப் சாக்கெட்டின் இரண்டு துளையில் அது தடையில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊர் 16 ஆம்ப் பிளக்குக்குத் தடித்த கம்பி. சின்ன சாக்கெட்டில் நுழையவே நுழையாது. அந்தத் தடையே ஒரு பாதுகாப்பு. ஐரோப்பிய பிளக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை. போதாததற்கு அதன் கம்பி நம்முடையதைவிடக் கொஞ்சம் ஒல்லி. பிடிப்பு தளர்வாக இருக்கும் இடத்தில்தான் முதலில் சூடேறும்.

ஆக, பிளக் நாட்டைச் சொல்கிறது, எத்தனை வாட் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு லேபிள்தான் வேண்டும். என் கணக்கில் ஒரே ஒரு படம்தான் அனுப்ப முடியும் என்றால் லேபிளைத்தான் எடுத்து அனுப்ப வேண்டும்.

ஹேர் டிரையரில் அது கைப்பிடியிலோ காற்று உள்ளே இழுக்கும் வலைக்குப் பக்கத்திலோ இருக்கும். அயர்ன் பாக்ஸில் நிமிர்த்தி வைக்கும் பின்பக்கத்தில் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், பல பொருட்களில் அது அச்சிட்ட ஸ்டிக்கர் அல்ல, கறுப்புப் பிளாஸ்டிக்கிலேயே புடைத்து வரும் கறுப்பு எழுத்து. பிளாஷ் போட்டு நேராக எடுத்தால் வெறும் பளபளப்புதான் விழும். பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள். எழுத்துகளின் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். 1200-ம் 1800-ம் குழம்புவது இதைச் செய்யாததால்தான்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட், அப்புறம்தான் வாட். அமெரிக்க டிரையர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 125 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1875 வாட் என்றிருக்கும். இந்த 1875 அங்கே அடிக்கடி பார்க்கும் எண். அந்த ஊர் 15 ஆம்ப் சாக்கெட்டை 125-ஆல் பெருக்கினால் கிடைப்பது. உள்ளே இருப்பது சூடாகும் கம்பிச்சுருள், அதன் மின்தடை சுமார் 8.3 ஓம். அதில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் 27 ஆம்ப்புக்கு மேல் ஓடும், அதாவது 6,300 வாட்டுக்கும் மேல். 16 ஆம்ப் சாக்கெட்டிலும் அது முடியாது. அதிகக் கரண்ட் ஓடினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் விழுவதற்குள் மோட்டாரும் சுருளும் எரிந்துபோகும். கடையில் வாங்கும் டிராவல் அடாப்டர் கம்பியின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் தொடாது. வோல்ட்டைக் குறைக்க 2000 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். தூக்கவே கனமான அந்தப் பெட்டியை வாங்குவதைவிட இங்கேயே ஒரு டிரையர் வாங்கிவிடலாம். சில பயண டிரையர்களில் மட்டும் நாணயத்தால் திருப்பும் 125/250 வோல்ட் சுவிட்ச் இருக்கும். லேபிளிலும் இரண்டு வோல்ட்டும் போட்டிருந்தால் 250-க்குத் திருப்பிப் பயன்படுத்தலாம்.

அடுத்து, ஐரோப்பிய டிரையர்: 220-240 வோல்ட், 1850-2200 வாட். வோல்ட் சரி. இரண்டு வாட் எண்கள் ஏன் என்றால், சின்ன எண் 220 வோல்ட்டுக்கு, பெரிய எண் 240 வோல்ட்டுக்கு. நம் 230-ல் அது ஏறக்குறைய 2020 வாட், அதாவது 8.8 ஆம்ப் இழுக்கும். அதற்குப் பக்கத்தில் 1000 வாட் டிரை அயர்னை வையுங்கள்: 4.3 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட் தாங்குவது 1380 வாட் வரை. ஆகவே அயர்ன் பாக்ஸ் அதில் நிம்மதியாக ஓடும், டிரையர் கூடாது. 2000 வாட் ஸ்டீம் அயர்னுக்கும் டிரையருக்குச் சொன்னதேதான்.

"பத்து நிமிஷம்தானே, எம்சிபி இருக்கே" என்பார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். படுக்கையறை சுவிட்ச் போர்டின் 6 ஆம்ப் பாயிண்ட், ஃபேன், லைட் ஓடும் அதே லைனில் இருக்கும். 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 6 அல்லது 10 ஆம்ப் எம்சிபி. 10 ஆம்ப் எம்சிபிக்கு 8.8 ஆம்ப் ஒரு பொருட்டே அல்ல, விழாது. 6 ஆம்ப் எம்சிபிகூட இந்த அளவு மீறலுக்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை. சாக்கெட்டின் உள் பித்தளைப் பிடிப்பை அது கவனிப்பதில்லை. சூடு ஆம்ப்பின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 6 ஆம்ப் சாக்கெட்டில் 8.8 ஆம்ப் ஓடினால் பிடிப்பில் இரண்டு மடங்குக்கு மேல் சூடு. தினமும் பத்து நிமிஷம் இப்படிச் சூடேறி ஆறினால் பிடிப்பு தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். மீன் கருகுவது போல வாடை, துளையைச் சுற்றிப் பழுப்பு, கழற்றியதும் தொட முடியாத கம்பி: இதில் ஒன்று தெரிந்தாலே அந்த சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும்.

16 ஆம்ப் பவர் பிளக்குக்கு வழக்கமாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக வந்திருக்கும். டிரையரை அதில் போடலாம், தரமான அடாப்டரோடு. அடாப்டரின் மேலேயே எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கும், 10-க்குக் குறைவானது வேண்டாம். அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் இரண்டு கம்பி அடாப்டர் கூடவே கூடாது. அடித்தட்டு உலோகம், எர்த் கம்பி இல்லாவிட்டால் உள்ளே ஒயர் தட்டும் நாளில் ஷாக் கைக்குத்தான் வரும். டிரையர் முழுக்கப் பிளாஸ்டிக். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் எர்த் தேவைப்படாதது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த 6 ஆம்ப் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் 1000 வாட் அயர்னே அதற்கு ஓவர்லோட். 900 விஏ பெட்டி 700 வாட் சொச்சம்தான் தரும்.

லேபிளும் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலிவு டிரையர்களில் 5000 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். பக்கத்தில் ஒயரைப் பாருங்கள்: 2×0.75 என்று, அதாவது 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டு என்று, ஒயர் மேலேயே இருந்தால், 5000 வாட்டுக்கு வேண்டிய ஏறக்குறைய 22 ஆம்ப்பை அது தாங்கவே தாங்காது. உண்மையான அளவை வீட்டு மீட்டரே சொல்லும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அதன் முகப்பில் இருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டிரையரைப் பவர் பிளக்கில் முழு வேகத்தில் ஓட்டி, சிவப்பு விளக்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் வாட். 64 முறை மின்னினால் 1200 வாட், 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு அடங்கும். 73-ஐத் தாண்டினால் அடங்காது.