இரவு இடுப்பு வலி: தலையணை முழங்கால்களுக்கு நடுவிலா, அடியிலா?

முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கச் சொல்வதைக் கேட்காதவர்கள் குறைவு. வைத்துப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று தூக்கிப் போட்டவர்களும் நிறைய. தலையணை எந்த வலிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்று பார்க்காததால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது.

முதலில் வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டை விரலால் அழுத்தினால் சுரீரென்கிறதா, அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லையா? அப்படியானால் அந்த மேட்டில் ஒட்டியிருக்கும் புட்டத் தசைநாண்களில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். வலி புட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் போல இறங்கி, மரத்துப்போதலும் சேர்ந்தால் அது நரம்பு, அதாவது சயாட்டிகா. சம்மணம் போடும்போது தொடை இடுக்கில் பிடித்தால் இடுப்பு மூட்டையே சந்தேகிக்கலாம். அதற்கு இந்த அலசல் போதாது.

ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே

வலது இடுப்பின் பக்கவாட்டில் வலி உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் படுத்தால் உடல் எடை முழுவதும் அந்த மேட்டின் மேல் விழுகிறது. அதனால் இடப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். ஆனாலும் நடுச்சாமத்தில் அதே வலது இடுப்பு வலித்து எழுப்புகிறது. மேலே இருக்கும் வலது கால் முன்னால் சரிந்து, முழங்கால் மெத்தையைத் தொடுகிறது. தொடை உள்நோக்கிச் சாய்ந்ததும் தசைநாண்கள் இழுபட்டு எலும்போடு அழுந்துகின்றன. நல்ல பக்கம் படுத்தும் வலி விடாததற்குக் காரணம் இதுதான்.

இவர் சிறு தலையணை ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே மட்டும் வைத்தால் பாதி வேலைதான் ஆகும். பாதம் கீழே தொங்கினால் தொடை வெளிப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். தலையணை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீள வேண்டும். நீளத் தலையணை இல்லையென்றால் இரண்டு சாதாரணத் தலையணைகளை வரிசையாகப் போடலாம். உயரத்துக்கு அளவு: மேல் தொடை மெத்தைக்கு இணையாக, முழங்காலும் இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அழுந்திய பிறகும் 4 முதல் 6 அங்குலம் நின்றால் பலருக்குச் சரியாக வரும். இடுப்பு அகலமானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். இலவம்பஞ்சுத் தலையணை பழசானால் விடிவதற்குள் தட்டையாகிவிடும். அப்போது இரண்டாகச் சுருட்டிய கம்பளியே மேல்.

பாயில் படுப்பவர்களுக்குக் கீழ்ப்பக்க இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். பாய்க்கு மேல் மடித்த கம்பளியோ மெத்தையோ போடாமல் தலையணையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மல்லாந்து, முழங்காலுக்கு அடியில்

பக்கவாட்டு வலிக்கு, வசதிப்பட்டால், இதுவே மேல். எலும்பு மேட்டின் மேல் எடையே விழாது. சயாட்டிகாவுக்கும் பலருக்கு ஒத்துப்போகிறது. காலை நீட்டிப் படுக்கும்போது கீழ்முதுகு வளைந்து மெத்தையிலிருந்து எழும்பும். முழங்காலை மடக்கினால் வளைவு குறைந்து நரம்பின் இழுவையும் தளர்கிறது. ஒன்று அல்லது இரண்டு தலையணைகளைத் தொடையின் கீழ்ப்பகுதியும் கெண்டைக்காலும் தாங்கும்படி வைக்க வேண்டும். முழங்காலின் மடிப்பில் மட்டும் அழுத்தினால் கால் மரத்துப்போகும். குறை ஒன்றுதான்: தூக்கத்தில் புரண்டுவிட்டால் எல்லாம் போச்சு.

சயாட்டிகாவில் ஒருக்களிப்பதானால் பெரும்பாலும் வலிக்கும் கால் மேலே இருப்பதே நல்லது. முதுகெலும்புக்குள் நரம்புகள் ஓடும் தண்டுவடக் குழாய் குறுகியதால் வலிப்பவர்களுக்கு முழங்காலைச் சற்று மார்பு நோக்கி மடக்கிச் சுருண்டு படுப்பது இதமாக இருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு பிதுங்கியதால் வந்த வலிக்கு அதே சுருட்டல் சிலருக்கு வலியைக் கூட்டும். அவர்கள் லேசாக மடக்கினால் போதும்.

குப்புற

வட்டுப் பிரச்சினையில் சிலருக்கு மட்டும் இது சுகம். படுத்த கொஞ்ச நேரத்தில் காலில் இருந்த வலி புட்டத்துக்கு ஏறி ஒடுங்கினால் தொடரலாம். கால் பக்கம் இறங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும். குழாய் குறுகியவர்களுக்கு இது வேண்டாம்.

எந்த நிலையானாலும் திரும்பும்போதுதான் அதிகம் சுரீரென்கும். முழங்கால்களைச் சேர்த்துத் தலையணையை இறுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி உருள வேண்டும். இடுப்பு முதலில் போய் தோள் பின்தங்கினால் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும்.

தலையணைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. சிறுநீர் கட்டிப்போவது அல்லது அடக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.