ஒரே வீட்டில் மர டிரஸ்ஸும் இரும்பு டிரஸ்ஸும்: பல வருடம் இருந்து பார்த்ததில்

எங்கள் வீடு நாகப்பட்டினம் பக்கம், உப்புக்காற்று விடாமல் அடிக்கிற இடம். கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டத்தைத்தான் டிரஸ் என்கிறேன். முன்கூடத்துக்கு தாத்தா போட்ட தேக்கு டிரஸ், மேலே மங்களூர் ஓடு. பின்னால் சேர்த்த பகுதிக்கு இரும்பு டிரஸ், கலர் ஷீட்.

கூடத்தின் அகலம் 18 அடி. நடுக்கம்பு வைத்த கிங் போஸ்ட் டிரஸ் 25 அடி வரை மரத்தில் பயமில்லாமல் போகும். அதைத் தாண்டினால் அடிவிட்டத்துக்கு ஒரே நீளத்தில் நல்ல மரம் கிடைப்பது கஷ்டம், இரண்டு துண்டை ஒட்டுப் போட வேண்டும். அடிவிட்டம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருப்பது, விட்டால் அந்த ஒட்டுதான் முதலில் விடும். பின்பகுதி 30 அடி, அதனால்தான் இரும்பு. இரும்புக்கு 30 அடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இடைவெளி விஷயத்தில் பலரும் டிரஸ்ஸை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது ஒரு டிரஸ்ஸிலிருந்து அடுத்ததற்கு ஓடி, கூரையின் கனத்தைத் தாங்குகிற நீளச் சட்டமான பர்லின். ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் வரும், ஷீட் 5 கிலோ சுமார். அதனால் கூடத்தில் 10 அடிக்கு ஒரு டிரஸ், பின்னால் 13 அடிக்கு ஒன்று. செலவு மிச்சம் என்று ஓட்டுக்கூரையிலும் 13 அடி விட்டால் அதே பர்லின் கிட்டத்தட்ட 3 மடங்கு தொய்யும், ஓட்டு வரிசை வாய் பிளக்கும், அப்புறம் மழைக்கு வாளி வைக்க வேண்டியதுதான்.

மர டிரஸ் நடுவில் ஒடிந்து நான் பார்த்ததில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் போகும், ஈரம் அங்கே காயவே காயாது, கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். தெருவிலிருந்து பார்க்கும்போது கூரை ஒரு பக்கம் லேசாக இறங்கித் தெரிந்தது, ஏணி போட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நுனி புட்டு மாதிரி உதிர்ந்தது. முட்டுக்கொடுத்து, கெட்டதை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டோம். இப்போது நுனியைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறது.

இரும்பில் துரு வெல்டிங் ஓரத்திலும், மூடி போடாத சதுர பைப்பின் உள்ளேயும் ஆரம்பிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும், தட்டிப் பார்த்தால்தான் சத்தம் மாறுவது தெரியும். ஆனால் எங்களுக்குப் பெரிய அடி துருவால் வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது லேசான ஷீட் கூரையைக் காற்று மேலே தூக்கியது. அப்படித் தூக்கும்போது எல்லாம் தலைகீழாகும், இழுபட்டுக்கொண்டிருந்த அடிக்கம்பி அமுக்கப்படும், ஒல்லியாக இருந்தால் பக்கவாட்டில் வளைந்துவிடும். எங்களுடையது ஒன்று அப்படித்தான் வளைந்தது, ஓட்டின் கனத்தால் கூடத்து டிரஸ் அசையவில்லை. வளைந்ததை மாற்றும்போதே, எல்லா அடிக்கம்பிகளையும் நீளவாக்கில் ஆங்கிள் வைத்துக் கோத்துவிட்டோம். கரையோரத்தில் ஷீட் கூரை போடுபவர்கள் கொத்தனாரிடமும் வெல்டரிடமும் இந்த ஆங்கிளைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் போடமாட்டார்கள்.